கலீஃபா கேட்ட ஒரு கேள்வி

அப்பாஸிய அரசவை என்றதும் நம் நினைவுக்கு வருவது கிரேக்க நூல்களை அரபியில் பெயர்த்த அறிஞர்களும், இயற்கணித நூலை கலீஃபா மஃமூனின் ஆதரவில் எழுதிய அல் குவாரிஸ்மியும்தான். அதே மஃமூன் 833-இல் பாக்தாத் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குச் சில கடிதங்கள் அனுப்பினார். காதிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் வரவழைத்து, குர்ஆன் இறைவனால் படைக்கப்பட்டதா என்று கேட்கச் சொன்னார். இந்த விசாரணைக்கு ‘மிஹ்னா’, அதாவது சோதனை, என்று பெயர்.

முஃதஸிலா சிந்தனையாளர்களின் வாதம் மஃமூனுக்குப் பிடித்திருந்தது. குர்ஆன் படைக்கப்படாதது என்றால் இறைவனோடு அநாதியான இன்னொன்றும் இருப்பதாகிவிடும், அது ஓரிறைக் கொள்கைக்கே பங்கம் என்றார்கள். இறைவனின் பேச்சு அவனுடைய பண்பு, அதைப் படைப்பு என்பது எப்படி என்று மறுதரப்பு கேட்டது. இரண்டிலும் ஆழமான சிந்தனை உண்டு. பள்ளிவாசல் திண்ணையில் ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளாதவரின் சாட்சியத்தை நீதிமன்றத்தில் ஏற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. சாட்சி சொல்லும் தகுதி போனால் ஊரில் மதிப்பும் போய்விடும். காதிக்கோ பதவியே போய்விடும். அதனால் பலர் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்கள். குர்ஆன் ‘ஆக்கப்பட்டது’, ஏனெனில் வசனமே அப்படிச் சொல்கிறது என்றார் ஒருவர். ஆக்கப்பட்டது என்றால் படைக்கப்பட்டதுதானே என்று மடக்கினார் ஆளுநர். ஆம் என்றார் அவர். அப்படியானால் குர்ஆன் படைக்கப்பட்டதா என்று கேட்டதும், ஆக்கப்பட்டது என்றுதான் சொல்வேன் என்று பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். அவரைக் கோழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மிரட்டல் முற்றியபோது கடைசிவரை பணியாமல் நின்றவர்கள் இருவர்: அஹ்மத் இப்னு ஹன்பல், முஹம்மத் இப்னு நூஹ். விலங்கிட்டு மஃமூனிடம் கொண்டுபோகும் வழியிலேயே கலீஃபா இறந்த செய்தி வந்தது. திருப்பி அனுப்பப்பட்டபோது இப்னு நூஹ் வழியில் இறந்தார். அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் இப்னு ஹன்பலுக்குச் சிறையும் கசையடியும் கிடைத்தன.

அடுத்து வந்த வாஸிக் காலத்தில் கேள்வி எல்லைவரை போனது. 845-இல் பைசாந்தியரிடமிருந்து முஸ்லிம் கைதிகளை மீட்டபோது, அவர்களிடமும் இதையே கேட்டார்கள்.

847-இல் கலீஃபாவான முதவக்கில் சில ஆண்டுகளில் மிஹ்னாவை நிறுத்தினார். இப்போது அரசவை இப்னு ஹன்பலைக் கொண்டாட விரும்பியது. ஸாமர்ராவுக்கு அழைத்தது, பரிசுகள் அனுப்பியது. கசையடிக்கு அஞ்சாத அவர் இந்தப் பரிசுகளுக்கு அஞ்சினார். அரண்மனையிலிருந்து வந்த உணவைத் தொடவில்லை. தம் பிள்ளைகள் கலீஃபாவின் உதவித்தொகையை வாங்கியது தெரிந்ததும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டையும் ஒதுக்கினார்.