மூன்று பக்க அறிக்கை

சென்ற வாரம் மாணவர்களின் புரோகிராமை இயக்கிப் பார்த்துத் திருத்துவதைப் பற்றி எழுதினேன். அதனோடு சேர்ந்து வருகிற அறிக்கையைப் படிப்பது வேறு விதமான காரியம். ஒரு கோப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் புரோகிராமை ‘சி’ மொழியில் எழுதச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் இரண்டு அறிக்கைகள் இப்போது என் மேஜைமேல் கிடக்கின்றன.

பன்னிரண்டு பக்கம் உள்ள முதலாவது, ‘ஹாஷ் டேபிள் வேகமானது, ஆகையால் அதை உபயோகித்தேன்’ என்கிறது. இந்த வாக்கியத்தை வேறு எந்தப் பயிற்சியின் அறிக்கையிலும் எடுத்து ஒட்டிவிடலாம். மூன்றே பக்கம் உள்ள மற்றது, சொற்களை நீக்கவேண்டிய அவசியம் இந்தப் பயிற்சியில் இல்லாமையால், உரிய கட்டம் நிறைந்திருந்தால் அடுத்த கட்டத்தைப் பார்க்கும் லீனியர் ப்ரோபிங் முறையைக் கைக்கொண்டதாகச் சொல்கிறது. அம்முறையில் இடையிலுள்ள ஒரு சொல்லை அழித்துவிட்டால், அதற்கு அப்பால் ஒதுங்கிய சொற்களைத் தேடுபவன் காலிக் கட்டத்தைக் கண்டு திரும்பிவிடுவான் என்பது தெரிந்தவருக்கு, இது யோசித்துச் சொன்ன காரணம் என்பது விளங்கும்.

சோதனை விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. முதலாவதில் ஐந்து திரைப்படங்கள் (சினிமா அல்ல, கம்ப்யூட்டர் திரையின் படங்கள்!), ஐந்திலும் ஒரே கோப்பு, ஒரே வெற்றி. மற்றவரோ வேண்டுமென்றே 8 கட்டங்களுடன் தொடங்கி, முக்கால் பங்கு நிறைந்ததும் அட்டவணை 16 ஆக விரியும்படி ஏழு வெவ்வேறு சொற்களைக் கொடுத்து, எட்டாவதாக முதற் சொல்லையே திரும்பக் கொடுத்திருக்கிறார். எதிர்பார்த்தது 2, வந்ததோ அதே சொல் இரண்டு வரிகளில், தலைக்கு 1. விரித்தபோது பழைய கட்ட எண்களையே நகல் செய்ததுதான் காரணம்: ஹாஷ் மதிப்பு 10 ஆனால், 8 கட்டங்களில் அதன் இடம் 2, பதினாறிலோ 10. தோற்ற சோதனையையும், திருத்திய பிறகு கிடைத்த விடையையும் அருகருகே அச்சிட்டிருக்கிறார். சாட்சியம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

குறைகளைச் சொல்லும் பகுதியில் முதலாமவர், வண்ணத் திரையைப் பிற்காலத்தில் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். அது ஆசையே தவிர, குறையன்று. இருவரும் சொல்லை வாங்கும் இடம் ஒன்றே:

```c
char word[64];
```

கடைசி பைட் முற்றுக்குறிக்குப் போக மீதி 63. யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ஆகையால், 21 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ச் சொல் துண்டாகிவிடும் என்று இரண்டாமவர் ஒப்புக்கொண்டிருந்தார். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்று கொடுத்துப் பார்த்தேன். ‘படித்துக்கொண்டிருந்தவ’ என்றும் ‘ர்களுக்காகவும்’ என்றும் இரண்டு சொற்களாக எண்ணிற்று. நீளத்துக்கு வரம்பே விதிக்காத முதல் புரோகிராம் அந்தச் சொல்லிலேயே நின்றுபோயிற்று. அதன் அறிக்கையில் இதைப் பற்றி மூச்சில்லை.

புரோகிராமுக்கான மதிப்பெண்ணை இருவருக்கும் குறைத்தேன். ஒப்புக்கொண்டவரின் அறிக்கையில் அதற்காகக் கை வைக்கவில்லை. அட்டவணையை விரிக்கும் வரம்பு முக்கால் பங்காக இருப்பானேன் என்று அவர் எங்கும் சொல்லாததற்கு மட்டும், ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, ஒரு மதிப்பெண் கழித்தேன்.