மழை நாளில் ஏறும் வாடகை

கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கினால் வியாசர்பாடிக்காரர்கள் சுற்றித்தான் போக வேண்டும். அப்போது வாடகையும் மாறும்; கார் வாடகைச் செயலி முதலில் காட்டுவது, அந்த நேரத்துப் பாதையையும் போக்குவரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு மட்டுமே.

ஒரு பேச்சுக்கு, அடிப்படை 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 15, நிமிடத்துக்கு 1 என்று வைப்போம். 5 கி.மீ., 20 நிமிடம் என்றால் 145. சுற்றியதில் 2 கி.மீ., 15 நிமிடம் கூடினால் 190.

மழையில் கேட்பவர் அதிகம், வண்டி குறைவு. அப்போது செயலி வாடகையைப் பெருக்குகிறது. இந்தப் பெருக்கம் பொதுவாகப் பதிவு செய்யும்போதே சேர்ந்துவிடும். பாதி வழியில் ஏறுவதில்லை. விலை பார்த்துவிட்டு, டீ குடித்துவந்து பதிவு செய்தால் தொகை மாறியிருக்கலாம்! ஒன்றிய அரசின் 2025 வழிகாட்டுதல் இந்தப் பெருக்கத்துக்கு அடிப்படைக் கட்டணத்தைப்போல் 2 மடங்கு என உச்சவரம்பு வைக்கிறது.

ஓட்டுநர் வாசலுக்கு வந்தபின் சில நிமிடங்கள் இலவசம். பிறகு காத்திருப்புக் கட்டணம் ஓடும். புறவழிச்சாலையில் போனால் சூரப்பட்டு சுங்கமும் சேரும். தகுந்த காரணமின்றிப் பயணி பயணத்தை ரத்து செய்தால், அதே வழிகாட்டுதல்படி வாடகையில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். ஓட்டுநர் ரத்து செய்தாலும் அபராதம் உண்டு. பழைய ரத்துக் கட்டணம் சில செயலிகளில் அடுத்த பில்லில் ஏறிவரும். ரசீதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.