கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்

செங்கல்பட்டு, மறைமலைநகர் பக்கம் வேலை மாறிப் போகிறவர்களும், மாமல்லபுரம் கடற்கரையில் அறைகளைப் புதுப்பிக்கும் விடுதிக்காரர்களும் பழைய கட்டில், மேசைகளை ஓஎல்எக்ஸில் போடுவது வழக்கம். ‘அசல் தேக்குக் கட்டில், எட்டாயிரம்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் பளபளவென்று இருக்கும். ஆனால் மரத்தின் ஜாதகம் பாலிஷ் அடிக்காத அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

மாவு வண்டு, மரத்தின் திறந்த நுண்துளைகளில்தான் முட்டையிடும். பாலிஷ் அந்தத் துளைகளை அடைத்துவிடுவதால், கட்டிலுக்கு அடியில் குறுக்குச் சட்டத்தையும் பலகையின் உள்பக்கத்தையும் தேடிப் போகும். முட்டையிலிருந்து வரும் புழு மரத்திலுள்ள மாவுச்சத்தைத் தின்றபடி மாதக்கணக்கில் உள்ளேயே வளரும். வண்டானதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் துளையிட்டு வெளியேறும். அதாவது, துளையைப் பார்க்கும்போது அதைப் போட்ட வண்டு போய்விட்டது. உள்ளே இன்னும் எத்தனை புழுக்கள் என்பதுதான் கேள்வி.

துளையின் உள்விளிம்பு புதிதாக அறுத்த மரம்போல் வெளிறியிருந்து, தட்டினால் மைதா போன்ற தூள் கொட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். துளை கறுத்து அழுக்கேறியிருந்தால் பழைய கதையாக இருக்கலாம். தூள் நறநறவென்று சிறு விதைகள்போல் இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியில் இயற்கையாகவே பூச்சியைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. வெளிறு நிறப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரப்பர் மரம் இன்னும் மோசம். வெயிலில் ஒருநாள் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். தடித்த சட்டத்தின் உள்வரை அந்தச் சூடு போய்ச் சேராது.

கடலோரச் சாமானில் திருகாணியையும் பார்க்க வேண்டும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மரம் விரியும். திருகாணித் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறையிருந்தால் ஸ்குரூ டிரைவரால் திருப்பிப் பாருங்கள். இறுகாமல் சும்மா சுற்றினால் அந்த மூட்டு தாங்காது.

இத்தனையையும் பகல் வெளிச்சத்தில், விற்பவர் வீட்டிலேயே, தெரிந்த தச்சரையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்க்க முடியும். வாடகை வீடென்றால் கட்டில் வீட்டுக்காரருடையதா என்று கேட்டுவிடுங்கள். அடுக்குமாடியில் சாமான் வெளியேற அனுமதிச் சீட்டு கேட்பார்கள். அதை விற்பவரே வாங்கித் தரட்டும்.

‘நான் பாதுகாப்புப் படையில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, முன்பணம் போட்டால் வண்டியில் அனுப்புகிறேன்’ என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் செய்தி நாடெங்கும் பழகிப்போன மோசடி. பாதுகாப்புப் படை காவல் நிற்கும் கல்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே அது நம்பும்படியாகவும் இருக்கும். கட்டிலைப் பார்க்காமல் ஐந்நூறு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். குட்டியானையில் ஏற்றியபின் யுபிஐயில் கட்டுங்கள். திரையில் வரும் பெயரும் எதிரே நிற்பவரின் பெயரும் ஒன்றா என்று பார்த்துப் பின்னை அழுத்துங்கள். முன்பணத்தைத் ‘திருப்பித் தருகிறேன், பின் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடுங்கள். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகுமே தவிர வராது. போய்விட்டால், தாமதிக்காமல் 1930க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.