கழிவுப் பஞ்சு லாரியும் புகார் கடிதமும்

கோவை அருகே ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். லாரியில் ஏற்றிய கழிவுப் பஞ்சு மட்டும் எடை மேடையில் 9 டன் காட்டுகிறது. பில்லில் இருப்பதோ 7 டன். இதைக் கவனித்த கிளார்க் யாரிடம் சொல்வது? மேலாளரே இதில் கூட்டாளியாக இருந்தால்?

இதற்காகத்தான் 2013 கம்பெனி சட்டத்தின் 177-வது பிரிவு 'விசில் புளோயர்' ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளோடு இது நின்றுவிடுவதில்லை. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகளும் இதில் வரும். அதனால் பட்டியலில் இல்லாத மில்கள் சிலவற்றுக்கும் இது பொருந்தும்.

புகாரைத் தணிக்கைக் குழு மேற்பார்வை செய்யும். அந்தக் குழு இல்லாத கம்பெனியில் அந்தப் பொறுப்புக்கு ஓர் இயக்குநரை நியமிக்க வேண்டும். மேலாளர் மீதே சந்தேகம் என்பது போன்ற நேரங்களில், அந்தக் கிளார்க் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். இந்த ஒரு வழி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்தான்.

'இங்கே ஊழல் நடக்கிறது' என்று மொட்டையாக எழுதினால் விசாரணை நகராது. தேதி, லாரி எண், எடைச் சீட்டு எண், பில் எண் வேண்டும். விசாரிப்பவர் முதலில் கேட் பதிவேட்டையும் எடைச் சீட்டையும் பில்லையும் ஒப்பிடுவார். அதே வியாபாரிக்குப் போன பழைய லோடுகளையும் பார்ப்பார். ஒரே ஒரு லோடில் வித்தியாசம் என்றால் எழுத்துப் பிழையாக இருக்கலாம். மாதக்கணக்கில் ஒரே வியாபாரிக்கு மட்டும் எடை குறைகிறது என்றால் அது கைவரிசை. குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்காமல் முடிவு எழுதக் கூடாது. எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கம்பெனியின் பாலிசிதான் சொல்ல வேண்டும்.

புகார் தந்தவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் நடைமுறையில் யாரும் 'புகார் கொடுத்ததற்காக' என்று எழுதி வேலையை விட்டு அனுப்புவதில்லை. இரவு ஷிப்டுக்கு மாற்றுவார்கள், இன்கிரிமென்டை நிறுத்துவார்கள். எனவே புகாரின் நகலையும், கொடுத்த தேதிக்கான ஆதாரத்தையும், பழைய சம்பளச் சீட்டுகளையும் வீட்டில் வைத்திருப்பது நல்லது. அற்பமான புகார்களையே திரும்பத் திரும்பக் கொடுப்பவர் மீது குழு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் விதியில் உண்டு.

இன்னொரு குறையும் இருக்கிறது. பங்குதாரர்கள் சேர்ந்தோ தனி உரிமையாளராகவோ நடத்தும் பட்டறைகளும் பனியன் யூனிட்டுகளும் கம்பெனி சட்டத்துக்குள் வராது. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விசில் புளோயர் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானதே. அதுவும் இன்னும் அமலுக்கு வரவில்லை.

நீங்கள் வேலை செய்யும் கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் இந்த ஏற்பாட்டின் விவரம் அதில் இருக்க வேண்டும், இயக்குநர் குழு அறிக்கையிலும் இருக்க வேண்டும். புகார் எழுதுவதற்கு முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.