'தி'யும் 'இல்'லும் சேர்ந்தால் 'தெல்'

இத்தாலிய மொழி கற்கும் மாணவர் ஒருவர் புளோரன்ஸ் நகருக்குப் போய்வந்து பயணக் குறிப்பு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வினைச்சொற்களில் பிழையில்லை, சொல்வளமும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் கைக்குப் போன தாள் சிவப்பு மையோடுதான் திரும்பி வரும். சுழிக்கப்பட்டவை பெரும்பாலும் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்களாக இருக்கும்.

முதல் சுழி 'லா கூப்பொலா தி இல் துவோமோ' என்ற இடத்தில். பேராலயத்தின் குவிமாடம் என்று பொருள். (இத்தாலியச் சொற்களில் வரும் 'தி'யைப் 'பந்தி'யில் வரும் 'தி' போல மென்மையாக ஒலியுங்கள்.) 'தி' என்றால் 'உடைய'. 'இல்' என்பது ஆண்பால் பெயருக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிள். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒட்டியே தீர வேண்டும்: 'தெல் துவோமோ'. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதுபோலத்தான். ஆனால் நாம் சந்தியை விட்டு எழுதினாலும் படிப்பவர் பொறுத்துப்போவார். அங்கே அந்தச் சலுகை கிடையாது.

இப்படிக் கட்டாயமாக ஒட்டுபவை ஐந்துதான். 'தி' (உடைய), 'ஆ' (-க்கு), 'தா' (இருந்து), 'இன்' (உள்ளே), 'ஸு' (மேலே). 'உடன்' என்று பொருள்படும் 'கோன்' ஒட்டினாலும் ஒட்டலாம். இன்று பெரும்பாலும் பிரித்தே எழுதுகிறார்கள். ஒட்டும்போது உருமாறுபவை இரண்டு மட்டுமே: 'தி' என்பது 'தெ' ஆகும், 'இன்' என்பது 'நெ' ஆகும். 'இன்'னும் 'லா'வும் சேர்ந்தால் ஏன் 'நெல்லா'? இத்தாலிய ஆர்ட்டிகிள் லத்தீனின் 'இல்லே' என்ற சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது. பேச்சில் முன்னெழுத்து தேய்ந்துபோக, அந்த இரட்டை 'ல்' மட்டும் 'தெல்லா', 'ஆல்லா', 'ஸுல்லா' என்று எங்கும் தங்கிவிட்டது.

அடுத்த சுழி சுவாரசியமானது. 'முதுகுப்பைக்குள்' என்று சொல்ல மாணவர் 'நெல் ட்ஸாய்னோ' என்று எழுதியிருக்கிறார். ஒட்டியது சரி, ஒட்டிய ஆர்ட்டிகிள்தான் தவறு. இஸட் எழுத்தில் தொடங்கும் ஆண்பால் சொல்லுக்கு 'இல்' வராது, 'லோ' வரும். ஆகவே 'நெல்லோ ட்ஸாய்னோ'. எஸ் எழுத்தை அடுத்து இன்னொரு மெய் வந்தாலும் இதே கதை. ஆர்னோ ஆற்றின் மேல் என்பதற்கு 'ஸுல் ஆர்னோ' என்று எழுதுவதும் இந்த வகைப் பிழைதான். உயிரெழுத்துக்கு முன் ஆர்ட்டிகிள் சுருங்கி, சொல்லோடு சேர்ந்து 'ஸுல்லார்னோ' என்று ஒலிக்க வேண்டும்.

பாடநூல்களில் 35 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். ஐந்து முன்னிடைச்சொல், ஏழு ஆர்ட்டிகிள். அதை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. 'நெல்' என்று கட்டத்தைத் தப்பில்லாமல் ஒப்பிப்பவர்தான் 'நெல் ட்ஸாய்னோ' என்று எழுதுகிறார். பெயர்ச்சொல்லில் தொடங்க வேண்டும். முதலில் 'லோ ட்ஸாய்னோ' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு 'இன்'னைக் கொண்டுவந்து ஒட்டுங்கள். தமிழில் ஆர்ட்டிகிளே இல்லாததால், பெயரை ஆர்ட்டிகிளோடு சேர்த்தே நினைவில் வைப்பது நமக்கு இன்னும் அவசியம்.

ஒட்டக் கற்றவருக்கு அடுத்து வருவது, வேண்டாத இடத்திலும் ஒட்டும் பழக்கம். 'நான் தொஸ்கானாவில் இருந்தேன்' என்பதற்கு 'நெல்லா தொஸ்கானா' என்று எழுதிவிடுவார். ஒருமையில் வரும் பெண்பால் மாநிலப் பெயருக்கும் நாட்டுப் பெயருக்கும் வெறும் 'இன்' போதும்: 'இன் தொஸ்கானா', 'இன் இத்தாலியா'. நகரங்களுக்குப் பொதுவாக ஆர்ட்டிகிளே கிடையாது: 'ஆ ஃபிரென்ட்ஸே'. ஆனால் 'மெதிச்சி குடும்பத்தாரின் புளோரன்ஸில்' என்று அடைமொழி சேர்ந்துவிட்டால் ஆர்ட்டிகிள் திரும்பி வந்துவிடும்: 'நெல்லா ஃபிரென்ட்ஸே தெய் மெதிச்சி'. ரயிலுக்கும் இப்படித்தான். பொதுவாக ரயிலில் போனேன் என்றால் 'இன் த்ரேனோ'. எட்டு மணி ரயில் என்று குறிப்பிட்டால் 'கோன் இல் த்ரேனோ தெல்லே ஓத்தோ'.

எழுதியது கணினியில் இருந்தால், திருத்தத்தைத் தேடலில் தொடங்கலாம். `di il`, `in la`, `su lo` போன்ற இணைகளை, முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள். இடைவெளி விடாவிட்டால் `in lacrime` போன்ற சரியான தொடர்களும் வந்து நிற்கும். சிக்கும் இடமெல்லாம் ஏறக்குறைய பிழைதான். ஆனால் 'நெல் ட்ஸாய்னோ'வும் 'நெல்லா தொஸ்கானா'வும் இந்த வலையில் விழாது. அவற்றைப் பிடிக்க, ஒட்டிய ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, பெயரை அதன் ஆர்ட்டிகிளோடு சொல்லிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

தேடலில் சிக்கினாலும் விட்டுவிட வேண்டியவை சில உண்டு. லா ஸ்பெட்ஸியா என்ற துறைமுக நகரின் பெயரிலேயே ஆர்ட்டிகிள் இருப்பதால் `a La Spezia` என்று பிரித்தே எழுதுகிறார்கள்; உள்ளூரில் `alla Spezia` என்றும் கேட்கலாம். நூல் பெயர்களும் அப்படியே. மன்ஸோனியின் புகழ்பெற்ற நாவலில் என்று சொல்ல `ne I promessi sposi` என்று எழுதினாலும், `nei Promessi sposi` என்று எழுதினாலும் சரிதான். சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை.