41 போகாமல் 42 நகராது

எத்தீரியத்தில் போதுமான கட்டணம் கொடுத்து அனுப்பிய பணம்கூட மணிக்கணக்கில் நிலுவையில் நிற்பதுண்டு. உடனே பலர் கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்பிப் பார்க்கிறார்கள். அப்போதும் நகராது. ஏனென்றால் கோளாறு அந்தப் பரிவர்த்தனையில் இல்லை, அதற்கு முன்னால் அனுப்பிய ஒன்றில் இருக்கிறது.

ஒரு கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 0, 1, 2 என்று வரிசை எண் உண்டு. அதுதான் நான்ஸ். இந்த வரிசையில் ஓர் எண்ணைத் தாண்டி அடுத்தது பிளாக்கில் ஏறவே முடியாது.

ஒருவரின் கணக்கில் 40 வரை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் 41-ஐ அதிகபட்சம் 8 க்வெய் கட்டணத்தில் அனுப்புகிறார். அதற்குள் அடிப்படைக் கட்டணம் 30 க்வெய்க்கு ஏறிவிடுகிறது. காத்திருக்கும் பரிவர்த்தனைகளை நோடுகள் வைத்திருக்கும் இடமான மெம்பூல் நிரம்பும்போது, மலிவானவற்றை அவை கழித்துவிடும். 41 அப்படித்தான் போய்விடுகிறது. பிறகு அவர் 40 க்வெய் கொடுத்து அனுப்பிய 42-உம் 43-உம் இல்லாத 41-க்காகக் காத்து நிற்கின்றன.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. நோடிடம் `eth_getTransactionCount` என்ற அழைப்பை `latest` என்ற குறிப்புடன் கேட்டால், அடுத்து வரவேண்டிய எண்ணைச் சொல்லும். பதில் 41 என்று வந்து, நிலுவையில் 42, 43 மட்டும் தெரிந்தால் இடைவெளி உறுதி.

நிவாரணம், 41 என்ற எண்ணிலேயே ஒன்றை அனுப்புவது. நான்ஸை நாமே குறிப்பிடும் வசதி மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகளில் உண்டு. பழைய பணம் இன்னும் போகவேண்டுமென்றால் அதையே 41-ஆக, நடப்புக் கட்டணத்தில் அனுப்பலாம். வேண்டாமென்றால் நம் முகவரிக்கே 0 ஈதர் அனுப்பினால் போதும். அதற்கு 21,000 காஸ் ஆகும். 30 க்வெய் விலையில் 0.00063 ஈதர். பழைய 41 ஏதாவது ஒரு நோடில் தங்கியிருந்தால், புதியதன் கட்டணம் அதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால்தான் கெத் மென்பொருள் ஏற்கும்.

அந்தப் பழைய பணத்தை 44 என்ற எண்ணில் அனுப்புவதுதான் ஆபத்து. கழிக்கப்பட்ட 41-இல் நாம் இட்ட கையொப்பம் இன்னும் செல்லும். யாராவது அதை மறுபடி பரப்பினால் அது பிளாக்கில் ஏறும், பின்னாலேயே 44-உம் ஏறும், பணம் இருமுறை போகும். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் ஒன்றுதான் நிறைவேறும் என்பதால், 41-ஐ 41-ஆலேயே நிரப்புவது பாதுகாப்பு.

நிரப்பியதும் 42, 43 தாமாகவே நகரும், அதே பிளாக்கிலேயே ஏறவும் கூடும். ஆனால் கெத்தின் வழக்கமான அமைப்பில், இடைவெளிக்குப் பின்னால் நிற்பவை 3 மணி நேரத்தில் நீக்கப்படும். அப்படி நீங்கியிருந்தால் அவற்றை அதே எண்களில் திரும்பப் பரப்ப வேண்டும். காத்திருந்த நேரத்தில் அந்தத் தொகைகளை வேறு கணக்கிலிருந்து கொடுத்துவிட்டவர், 41-ஐ நிரப்பும் முன் 42-ஐயும் 43-ஐயும் கூடுதல் கட்டணத்துடன் 0 ஈதராக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி அடைபட்ட கணமே அவையும் போய்ச் சேர்ந்துவிடும்.