அண்ணாச்சி கடையில் எத்தனை ஐட்டம்?

"அண்ணாச்சி, உங்க கடைக்கு ஆயிரம் ஐட்டம் பிளானே தாராளம்" என்று சொல்லி, ஒரு வருடச் சந்தாவை வாங்கிக்கொண்டு போனார் பில்லிங் சாப்ட்வேர் விற்க வந்த தம்பி. அண்ணாச்சிக்கும் அது சரியாகத்தான் பட்டது. முப்பது வருடமாக நடத்தும் மளிகைக் கடை. மனக்கணக்கில் எண்ணூறு சாமான் இருக்கும். மூன்றாவது வாரம், பொருள்களை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த பையன் வந்து நின்றான். "ஆயிரத்துக்கு மேல சேவ் ஆக மாட்டேங்குது அண்ணாச்சி." அப்போதுதான் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் வரிசைகள் முடிந்திருந்தன. பருப்பு, மசாலா பக்கம் அவன் கையே வைக்கவில்லை.

அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுபவன் நான். இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, கோளாறு எங்கே என்று தெரிந்தது. அண்ணாச்சி எண்ணியது பெயர்களை. சாப்ட்வேர் எண்ணுவது வரிகளை. ஒரே சோப்பு என்றாலும் பத்து ரூபாய்க் கட்டி ஒரு வரி, பெரிய கட்டி ஒரு வரி, நான்கு சேர்ந்த கட்டு ஒரு வரி. இப்படி அளவு பிரியும் பெயர்கள் அவர் கடையில் முந்நூறு. சராசரியாக மூன்று அளவு வைத்தாலே தொள்ளாயிரம் ஆகிவிட்டது. துவரம்பருப்பு, சீரகம் போன்ற சில்லறைச் சரக்கு நாற்பது. அவற்றைக் கடையிலேயே கால், அரை, ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று பொட்டலம் போட்டு வைக்கிறார்கள். அந்த சாப்ட்வேரில் ஒவ்வொரு பொட்டலமும் தனி ஐட்டம், ஆக நூற்று அறுபது. மீதி நானூற்று அறுபதையும் சேர்த்தால் 1,520.

அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கும். பழைய எம்ஆர்பி அச்சிட்ட சரக்கும் புதிய எம்ஆர்பி சரக்கும் ஒரே அலமாரியில் நின்ற நாட்கள் அவை. பார்கோடு ஒன்றுதான், விலை இரண்டு. நல்ல சாப்ட்வேர் ஒரே ஐட்டத்துக்குள் இரண்டு எம்ஆர்பியை வைத்துக்கொண்டு, ஸ்கேன் செய்ததும் "எந்த விலை?" என்று கேட்கும். அந்த வசதி இல்லாததில் இரண்டாவது விலைக்குப் புதிய ஐட்டம் திறக்க வேண்டும். அண்ணாச்சி கடையில் அப்படி இருநூறு வரிகள் சேர்ந்து 1,720 ஆயிற்று. பழைய சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகும் அந்த வரிகளை அழிக்க முடியவில்லை, ஏனென்றால் பழைய பில்கள் அவற்றோடு இணைந்திருக்கின்றன. முடக்கி வைக்கலாம். முடக்கியதையும் எண்ணிக்கையில் சேர்க்கிறார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளான் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பேன்.

அடுத்தது கவுன்ட்டர். விலைப் பட்டியலில் 'ஒரு ரெஜிஸ்டர்' என்று போட்டிருப்பது ஒரு பில் போடும் இடத்தை. கம்பெனிகள் இதை எண்ணுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் வரிசையாக ஓட வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. இன்டர்நெட் நின்றுபோன நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே வரிசையில் பில் போட்டால் எண்கள் மோதிவிடும். அதனால் ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் தனி வரிசை, தனி லைசென்ஸ். தீபாவளிக்கு மூன்று வாரம் கூட்டம் தாங்காது என்று இரண்டாவது கவுன்ட்டர் போட நினைத்தார் அண்ணாச்சி. அந்த மூன்று வாரத்துக்கும் வருடம் முழுவதுக்கான பணத்தைத்தான் கேட்டார்கள். சில கம்பெனிகள் மாதக் கணக்கில் கவுன்ட்டர் கூட்டிக் குறைக்க விடுகின்றன. அதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரே கவுன்ட்டரில் பாதி பில்லை நிறுத்திவைத்து அடுத்தவருக்குப் போடும் வசதி இருந்தாலே, சாதாரண நாள் கூட்டத்தைச் சமாளித்துவிடலாம்.

கிளை விஷயம் சுருக்கமானது, ஆனால் ஒரு கண்ணி உண்டு. அண்ணாச்சிக்கு ஒரே கடைதான். பின் தெருவில் ஒரு குடோன் இருக்கிறது. குடோன் இருப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால், அங்கே ஒரு பில்கூடப் போடாவிட்டாலும், அது 'இரண்டாவது அவுட்லெட்' என்றார்கள்.

பணம் எப்படி ஏறுகிறது என்று காட்ட, நானே வைத்துக்கொண்ட தொகைகளில் ஒரு கணக்குப் போடுகிறேன். ஆயிரம் ஐட்டம், ஒரு கவுன்ட்டர், ஒரு கடைக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,200. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். 1,720 வரிக்கு மேல் பிளான் வேண்டும், மாதம் 1,200, வருடம் 14,400. இன்னொரு கவுன்ட்டர் மாதம் 300, வருடம் 3,600. குடோன் மாதம் 500, வருடம் 6,000. மொத்தம் 24,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,320 சேர்ந்தால் 28,320. நோட்டீஸில் பார்த்த தொகைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டும் கடைக்காரர் அந்த 4,320-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது முடியாது, முழுத் தொகையும் கைச்செலவுதான்.

இதில் மெஷின் எதுவும் சேரவில்லை. பில் பிரின்டர், ஸ்கேனர், லேபிள் பிரின்டர், பணப்பெட்டி, கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாம் தனி விலை, பெரும்பாலும் கவுன்ட்டருக்கு ஒரு செட். கம்பெனி தருவதையே வாங்க வேண்டும் என்பதில்லை. சாதாரண மூன்று அங்குல தெர்மல் பிரின்டரும் யுஎஸ்பி ஸ்கேனரும் பெரும்பாலான சாப்ட்வேரில் ஓடும். நான் பயப்படுவது, எல்லாம் ஒன்றாக அடங்கிய பில்லிங் மெஷினைப் பார்த்துத்தான். அவற்றில் சில அந்தக் கம்பெனியின் சாப்ட்வேருக்கு மட்டுமே பூட்டப்பட்டவை. சந்தாவை நிறுத்தினால் மெஷினும் மூலையில் கிடக்கும். "இதில் வேறு சாப்ட்வேர் ஓடுமா?" என்று கேட்டாலே விற்பவர் முகத்தில் பதில் தெரிந்துவிடும்.

தராசிலும் கவனம் வேண்டும். எடை நேராகத் திரையில் ஏற வேண்டுமானால் தராசையும் கம்ப்யூட்டரையும் இணைக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அண்ணாச்சிக்கு அந்தச் செலவு லாபமாகவே முடியும் என்பது என் கருத்து. எடை நேராக ஏறினால் துவரம்பருப்புக்கு நான்கு வரி தேவையில்லை, ஒரு வரி போதும். நாற்பது சரக்குக்கு நூற்றிருபது வரிகள் மிச்சம்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இலவசச் சோதனைக் காலத்தில் கடையின் ஒரு அலமாரியை, சோப்பு அலமாரி என்றால் இன்னும் நல்லது, ஒன்று விடாமல் ஏற்றிப் பாருங்கள். எத்தனை வரி வருகிறதோ அதை வைத்து முழுக் கடையையும் மதிப்பிடுங்கள். அந்தச் சோதனைக் காலத்திலேயே எல்லா பில்லையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சந்தா முடிந்தபின் பழைய பில்களைத் திறக்க விடாத கம்பெனிகள் இருக்கின்றன. ஜிஎஸ்டி சட்டமோ, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது.